முதல் ஆரி பிளவுஸுக்கு 1500 வாங்கினேன், கையில் என்ன நின்றது என்றே தெரியவில்லை

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் இருக்கிறேன். மூன்று மாதம் ஆரி கிளாஸ் போய்க் கற்றுக்கொண்டேன். போன மாதம் முதன்முதலாகக் காசுக்கு ஒரு பிளவுஸ் போட்டேன். அக்காவோடு வேலை பார்ப்பவருடையது. துணி அவர்களே கொடுத்துவிட்டார்கள். "எவ்வளவு?" என்று கேட்டபோது வாயில் வந்த 1500 என்ற தொகையைச் சொல்லிவிட்டேன். அவர்கள் பேரம் பேசாமல் சரி என்றதுமே குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று பட்டது.

நூல், ஜரி, சுகர் பீட்ஸ், கொஞ்சம் கல் எல்லாம் சேர்த்து 430 ஆனது. மிச்சம் 1070. வேலை ஐந்து நாள் இழுத்தது. நாளுக்கு 200 ரூபாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த ஐந்து நாளும் வீட்டில் வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

இப்போது அவர்கள் மூலமாகவே இன்னொருவர் வந்திருக்கிறார். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணமாம். போனில் ஒரு போட்டோ காட்டினார், கை முழுக்க மூன்று வரிசை வேலை, முதுகில் புட்டா. "அவங்களுக்கு 1500க்குப் போட்டீங்களாமே, எனக்கும் பார்த்துச் சொல்லுங்க" என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் விலை சொல்ல வேண்டும். இதை எப்படிக் கணக்குப் போடுவது? கடைகளில் இவ்வளவு வாங்குகிறார்கள் என்று சொன்னால் எனக்கு உதவாது. கடைக்காரர் விலை எனக்கும் தெரியும், அதில் அவருக்கு என்ன நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை.

---

சந்தை_மூலை எழுதியது:

ரொம்ப யோசிக்க வேண்டாம் சகோதரி. மெட்டீரியலுக்கு ஆன செலவை மூன்றால் பெருக்குங்கள். ஒரு பங்கு சரக்கு, ஒரு பங்கு உங்கள் கூலி, ஒரு பங்கு லாபம். நான் ஆறு வருடமாகச் சணல் பை தைத்துக் கண்காட்சிகளில் விற்கிறேன், இதே கணக்குதான். ஒரு நாளும் நஷ்டம் வந்ததில்லை. உங்களுக்கு 430 என்றால் 1290. நீங்கள் வாங்கிய 1500 சரியான விலைதான், நல்ல விலை என்றே சொல்வேன்.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

தலைப்பைப் பார்த்ததும் என் கதைதான் நினைவுக்கு வந்தது. நான் ஆரி போடுபவன் இல்லை. ஈரோட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். முதல் மாணவனிடம் மாதம் 2500 வாங்கினேன். வாரம் மூன்று நாள், மாதம் 12 வகுப்பு, ஒரு வகுப்பு ஒரு மணி நேரம். மணிக்கு 208 ரூபாய் வருகிறது, பரவாயில்லை என்று நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு வாரம் மட்டும் நோட்டில் குறித்து வைத்தேன். அவர்கள் வீட்டுக்குப் போக 25 நிமிடம், வர 25 நிமிடம். "இந்த ஒரு கணக்கு மட்டும் சார்" என்று வகுப்பு 75 நிமிடம் ஓடுகிறது. அதற்கு முன்னால் நான் கணக்குகளைப் போட்டுப் பார்க்க 20 நிமிடம். ஆக ஒரு வகுப்புக்கு 145 நிமிடம், மாதத்துக்கு 29 மணி நேரம். வண்டிக்குப் பெட்ரோல் 375. மிச்சம் 2125ஐ 29ஆல் வகுத்தால் 73 ரூபாய். எனக்கு 208 என்று தெரிந்தது உண்மையில் 73தான்.

கட்டணத்தை ஏற்றிக் கேட்க வாய் வரவில்லை. அதே தெருவில் இன்னொரு பையனைச் சேர்த்து இருவருக்கும் ஒரே வீட்டில் எடுத்தேன். ஆளுக்கு 2000. வண்டியும் தயாரிப்பும் பழைய அளவேதான், கைக்கு 4000. அப்படித்தான் நிமிர்ந்தேன். உங்களுக்கு இது பொருந்துமா தெரியவில்லை.

---

ஊசிமுனை எழுதியது:

காவிரிக்கரை, நான் மதுரையில் பதினோரு வருடமாக ஆரி போடுகிறேன். இப்போது மூன்று பெண்கள் என்னிடம் உட்காருகிறார்கள். விலைக்குப் பிறகு வருவோம். முதலில் ஒன்று கேட்கிறேன், ஐந்து நாள் என்றால் எத்தனை மணி நேரம்? வீட்டிலிருந்து போடுகிற எல்லோரும் நாள் கணக்குதான் சொல்வார்கள். நாள் என்பது ஒரு அளவே இல்லை. ஒரு நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், ஒரு நாள் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்திருப்பீர்கள்.

ஊசி பிடித்த நேரத்தை மட்டும் எழுதாதீர்கள். அந்த அம்மா முதல் மெசேஜ் அனுப்பியதிலிருந்து பிளவுஸைக் கொண்டுபோய்க் கொடுத்தது வரை நினைவுபடுத்தி எழுதுங்கள். நூல் வாங்கக் கடைக்குப் போனது, பட்டர் பேப்பரில் வரைந்தது, ஊசியால் குத்தியது, துணியில் அச்செடுத்தது, ஃபிரேமில் இழுத்துக் கட்டியது, தப்பாகி அவிழ்த்தது, எல்லாமே. வாத்தியார் அவர் தொழிலுக்குச் செய்த அதே கணக்குதான் இது. அவருக்கு வண்டி தின்ற நேரத்தை நமக்கு வாட்ஸ்அப்பும் பட்டர் பேப்பரும் தின்கின்றன.

சந்தை_மூலை சார் சொன்ன மூன்று மடங்கு பற்றியும் சொல்ல வேண்டும், அதை நம்பி நிறையப் பெண்கள் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். சணல் பைக்கு அது சரியாக வரும். உங்கள் பைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, சரக்கு கூடினால் தையலும் அதே அளவு கூடும். ஆரியில் அப்படி இல்லை. சில்க் த்ரெட்டிலேயே நிரப்பு வேலை போட்டால் நூல் செலவு 200 ரூபாய்கூட ஆகாது, நேரமோ 20 மணி தாண்டும். மூன்று மடங்கு என்றால் 600. குந்தன் கல்லை வரிசையாக ஒட்டிச் சுற்றி ஒரு ஜரி ஓட்டினால் கல்லுக்கே 1400 ஆகும், வேலை 10 மணி நேரத்தில் முடியும். மூன்று மடங்கு 4200. கஷ்டப்பட்டுப் போட்ட நூல் வேலைக்கு 600, ஒட்டிய கல்லுக்கு 4200. நம் வேலையில் சரக்கை வைத்து நேரத்தை ஊகிக்க முடியாது சார்.

---

சந்தை_மூலை எழுதியது:

நீங்கள் சொல்வது புரிகிறது அம்மா. ஆரியில் நூல் இவ்வளவு மலிவு என்று எனக்குத் தெரியாது. என் பைகளில் துணி, கைப்பிடி, ஜிப் இவைதான் பெரிய செலவு. ஆனால் ஒன்று, புதிதாக வருபவர் முதலில் ஐந்தாறு பேருக்கு விலையை இறக்கித்தான் கொடுக்க வேண்டும். போட்டோ சேரும், பேர் வரும். அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.

---

காவிரிக்கரை எழுதியது:

ராத்திரி பையன் தூங்கியதும் உட்கார்ந்து வாட்ஸ்அப்பைப் பார்த்துப் பார்த்து எழுதினேன் அக்கா.

டிசைன் தேர்ந்தெடுக்க அவர்களோடு பேசியது, அளவு பிளவுஸ் வாங்கப் போனது 2 மணி. நூல் கடைக்குப் போய் நிறம் பொருத்தி வாங்கியது 2 மணி. வரைந்து குத்தி அச்செடுத்தது இரண்டரை மணி. என் ஃபிரேம் சின்னது, முதுகு, முன்கழுத்து, கை என்று மாற்றி மாற்றிக் கட்டியது ஒன்றரை மணி. ஊசி வேலை சுமார் 20 மணி. ஒரு கையில் பார்டர் அரை இஞ்ச் மேலே ஏறிவிட்டது, அவிழ்த்துத் திரும்பப் போட 2 மணி. பின்பக்கம் முடிச்சு வெட்டி, கல்லுக்குப் பசை வைத்து, இஸ்திரி போட்டு, கொண்டுபோய்க் கொடுத்தது ஒன்றரை மணி.

மொத்தம் 31½ மணி நேரம். ஆட்டோவுக்கு 60 ரூபாய் கொடுத்ததை மறந்தே போயிருந்தேன். அதையும் கழித்தால் 1010. மணிக்கு 32 ரூபாய். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன், 32தான் வருகிறது.

---

ஊசிமுனை எழுதியது:

எழுதியது நல்லதாயிற்று. ஆனால் இந்த 31½ மணி நேரத்தையும் அடுத்தவர் தலையில் கட்ட முடியாது, அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இதில் ஒரு பங்கு வேலை, ஒரு பங்கு உங்கள் படிப்பு. கை பார்டரை அவிழ்த்த 2 மணி படிப்பு. அது உங்களுடையது. ஊசி வேலை 20 மணி என்றீர்கள். கை பழகிய பெண் அதே டிசைனை 15 மணியில் முடிப்பாள், அந்த 5 மணியும் உங்களுடையது. ஒரே பிளவுஸுக்காக 2 மணி நேரம் கடையில் நின்றீர்கள். அடிக்கடி கேட்கிற எட்டுப் பத்து நிறமும் ஜரியும் கையில் வைத்துக்கொண்டால் அது பிளவுஸுக்கு அரை மணியாகிவிடும். பேச்சையும் 1 மணிக்குள் அடக்கலாம். முதல் போனிலேயே புடவை நிறம், தேதி, பட்ஜெட் மூன்றையும் கேட்டுவிடுங்கள். பட்ஜெட் தெரியாமல் இருபது போட்டோ அனுப்புவதில்தான் நேரம் போகிறது.

ஆனால் வரைவது, குத்துவது, ஃபிரேம் கட்டுவது, முடிச்சு வெட்டுவது இதெல்லாம் படிப்பு இல்லை, வேலை. இவற்றை விட்டுவிட்டு ஊசி நேரத்துக்கு மட்டும் காசு கேட்பதுதான் பலரும் செய்கிற தவறு.

அப்படிப் பார்த்தால் நியாயமான நேரம் 22 மணி. மணிக்கு எவ்வளவு என்றால், என்னிடம் உட்காரும் பெண்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு 560 தருகிறேன், மணிக்கு 70. உங்கள் ஊரில் இதே வேலைக்குக் கூலிக்கு உட்கார்ந்தால் என்ன தருவார்கள் என்று விசாரியுங்கள். அதற்குக் கீழே வீட்டிலிருந்து போடுவதில் அர்த்தமில்லை. 22 மணிக்கு 1540, சரக்கு 430, ஆட்டோ 60, ஆக 2030. அதன் மேல் பத்தில் ஒரு பங்கு வையுங்கள். ஊசி முறியும், மணி சிந்தும், கரண்ட் பில் வரும், ஃபிரேம் தேயும். 2230 ஆகிறது, 2200 சொல்லியிருக்கலாம். நீங்கள் 700 ரூபாய் குறைத்துச் சொல்லிவிட்டீர்கள்.

அந்தப் பத்தில் ஒரு பங்கைச் செலவழித்துவிடாதீர்கள். நான் ஆரம்பித்த புதிதில் சாக்பவுடரை மண்ணெண்ணெயில் கொஞ்சம் அதிகமாகக் குழைத்து அச்செடுத்தேன், ராசில்க்கில் எண்ணெய் பரவிக் கறையாகிவிட்டது. துணி வாடிக்கையாளருடையது. புதுத்துணி வாங்கிக்கொடுக்க வேண்டிவந்தது, அந்தப் பிளவுஸில் எனக்கு ஒன்றும் நிற்கவில்லை. துணி அடுத்தவருடையது என்றால் ஆபத்து நம்முடையது.

---

காவிரிக்கரை எழுதியது:

அக்கா, இங்கே 2200 சொன்னால் யாரும் வர மாட்டார்கள். எங்கள் தெருமுனைக் கடையில் இதே மாதிரி வேலை 1800. அவர்களிடம் மெஷினும் இருக்கிறது.

---

சுங்குடி எழுதியது:

மெஷின் எம்ப்ராய்டரியோடு போட்டி போடாதீர்கள், அது வேறு சரக்கு. அதைத் தேடி வருபவர் உங்களுக்கு வாடிக்கையாளர் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஊசிமுனை அக்கா சொன்ன 70 ரூபாய் வெறும் கூலி. அதில் லாபமே இல்லை. நாளைக்கு ஒரே முகூர்த்தத்துக்கு நான்கு பிளவுஸ் வந்தால் ஒன்றை வேறு பெண்ணிடம் கொடுக்க வேண்டும். அவள் 70 வாங்கிக்கொள்வாள். வாடிக்கையாளரிடம் பேசுவது, வரைவது, தப்பு வந்தால் பொறுப்பேற்பது எல்லாம் நீங்கள், உங்களுக்கு மிச்சம் பூஜ்யம். முதல் விலையிலேயே அந்த இடத்தை விட்டு வைக்காதவர்கள் கடைசி வரை தனி ஆளாகவே போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் அப்படி நான்கு வருடம் போட்டேன். கழுத்து வலியோடு நிறுத்தினேன்.

---

ஊசிமுனை எழுதியது:

சுங்குடி சொல்வது உண்மை. நான் இப்போது கூலி, சரக்கு எல்லாம் போட்டு அதன் மேல் கால் பங்கு வைக்கிறேன். ஆனால் முதல் பிளவுஸிலேயே அதை வைக்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். 32க்குப் போட்டவர் முதலில் 70க்கு வரட்டும்.

காவிரிக்கரை, யாரும் வர மாட்டார்கள் என்றால் அதற்கு வழி இருக்கிறது. மணிக்கூலியைத் தொடாதீர்கள், டிசைனைத் தொடுங்கள். 2500 இருக்கிறவருக்கு 2500 ரூபாய் வேலை. அதற்கு ஒவ்வொரு பகுதியும் எத்தனை நேரம் தின்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்தப் போட்டோவில் உள்ள டிசைனை ஒரு வீண் துணியில் 2 இஞ்ச் நீளத்துக்கு மட்டும் போடுங்கள். கைக்கு ஒரு துண்டு, கழுத்துக்கு ஒரு துண்டு, ஒரே ஒரு புட்டா. போனில் டைமர் வைத்துக்கொண்டு போடுங்கள். வந்த நேரத்தை இங்கே எழுதுங்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

போட்டுவிட்டேன். கை டிசைன் மூன்று வரிசை, நடுவில் லோடு வேலை. 2 இஞ்சுக்கு 70 நிமிடம். கழுத்துக்கு ஒற்றை வரிசை, 2 இஞ்சுக்கு 30 நிமிடம். புட்டா ஒன்றுக்கு 8 நிமிடம், போட்டோவில் எண்ணினேன், 30 இருக்கின்றன.

கைச்சுற்று 12 இஞ்ச். இரண்டு கைக்கும் சேர்த்து 24, அதாவது பன்னிரண்டு துண்டு, 14 மணி நேரம். கழுத்து முன்னும் பின்னும் 34 இஞ்ச், பதினேழு துண்டு, எட்டரை மணி. புட்டா 4 மணி. ஊசி வேலை மட்டும் 26½. மற்ற வேலைகளுக்கு அக்கா சொன்ன கணக்கில் 7 மணி. மொத்தம் 33½ மணிக்கு 2345. இந்த டிசைனுக்கு ஜர்தோசியும் கட் பீட்ஸும் வேண்டும், சரக்கு 950 வரும் என்று கடையில் கேட்டேன். ஆட்டோ 60. எல்லாம் 3355, பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 3690.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவருக்குப் போன் செய்து 3700 என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "2500க்கு முடியாதா?" என்றார். 1500 விஷயமும் திரும்ப வந்தது.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

இந்த 1500தான் நான் பயந்தது. சந்தை_மூலை சொன்ன மாதிரி இறக்கிக் கொடுத்தால் இதுதான் நடக்கும். ஆள் வருவார், பழைய விலையையும் கூடவே கொண்டு வருவார். என் முதல் மாணவன் வீட்டில் சொல்லி வந்த மூன்று பேரும் 2500 என்றே வந்தார்கள்.

---

சந்தை_மூலை எழுதியது:

ஆனால் அந்த முதல் பிளவுஸ் இல்லாவிட்டால் இந்த இரண்டாவது ஆளே வந்திருக்க மாட்டார், அதையும் பாருங்கள் சார்.

---

ஊசிமுனை எழுதியது:

இரண்டு பேரும் சொல்வது நடக்கிறதுதான். இறக்கிக் கொடுப்பதென்றால் ஒரு துண்டுச்சீட்டிலாவது எழுதிக் கொடுங்கள். வேலை 2200, முதல் வேலை என்பதால் கழிவு 700, வாங்கியது 1500. அப்போது அடுத்தவர் காதுக்கு 2200ம் போகும்.

இப்போதைக்கு அந்த அம்மாவிடம் விலையைக் குறைக்கிறேன் என்று சொல்லாதீர்கள். "2500க்கு எது வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். கையில் மூன்று வரிசைக்குப் பதில் கழுத்தில் போடுகிற அதே ஒற்றை வரிசை. முதுகுப் புட்டா வேண்டாம். கை 14 மணியிலிருந்து 6 மணிக்கு வரும். புட்டாவின் 4 மணி போகும். வரைவதில் அரை மணி மிச்சம். சரக்கு ஒரு 300 குறையும். நீங்களே கூட்டிப் பாருங்கள், 2400 பக்கம் வரும். கழுத்து அப்படியே இருக்கட்டும். போட்டோவில் மாலைக்குப் பக்கத்தில் கழுத்துதான் தெரியும். முதுகுப் புட்டாவைப் புடவை முந்தானை மறைத்துவிடும் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

2 இஞ்ச் சாம்பிள் இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். கையில் வைத்துக் காட்டினால் மூன்று வரிசைக்கு ஏன் அந்த விலை என்று அவர்களுக்கே விளங்கும். பாதிப் பணம் வாங்காமல் ஃபிரேமில் துணியைக் கட்டாதீர்கள். ஆரி போட்ட துணியை வேறு யாருக்கும் விற்க முடியாது.

இன்னொன்று, ஒரு நாளைக்கு ஊசி வேலை ஐந்து மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அதற்கு மேல் கண் களைத்துச் சங்கிலித் தையல் ஒரே அளவில் விழாது, மறுநாள் அவிழ்க்க வேண்டிவரும். தேதியை அதை வைத்துச் சொல்லுங்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

கூட்டிப் பார்த்தேன். 21 மணிக்கு 1470, சரக்கு 650, ஆட்டோ 60, 2180. பத்தில் ஒரு பங்கோடு 2398. 2500க்குள் வருகிறது! சாம்பிளை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று வரிசையைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் தங்கையே "ஒத்த வரிசையே நீட்டா இருக்குக்கா" என்றாள். 1250 அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். 1500 பற்றிக் கேட்டதற்கு, அது நான் பழகும்போது போட்டது, இப்போதைய விலை இது என்று சொன்னேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

---

காவிரிக்கரை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை ஆரம்பத்திலிருந்தே நோட்டில் குறித்தேன். 21 மணி என்று போட்டது 25½ ஆனது. சரக்கு 690. எல்லாம் கழித்து 1750 நின்றது, மணிக்கு கிட்டத்தட்ட 69 ரூபாய்.

அதிகமான 4½ மணி எங்கே போனது என்று பார்த்தேன். 3 மணி கழுத்தில். சாம்பிளை நேர்க்கோட்டில் போட்டுவிட்டேன். கழுத்தோ வளைவு, வளைவில் கை மெதுவாகத்தான் போகிறது. மீதி ஒன்றரை மணி, முன்கழுத்து பாதி முடிந்த பிறகு அந்த அக்கா போன் செய்து மெரூன் வேண்டாம், பச்சை வையுங்கள் என்றார். அவிழ்த்து மாற்றினேன். காசு கேட்கவில்லை, கேட்கலாமா என்றும் தெரியவில்லை.

---

ஊசிமுனை எழுதியது:

இனிமேல் சாம்பிளை வளைவில் போடுங்கள். ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துக் கோடு வரைந்து அதன் மேல் 2 இஞ்ச் போட்டால் போதும். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நிறம் மாற்றினால் காசு கேட்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கும்போதே நூல் துண்டுகளை ஒரு காகிதத்தில் ஒட்டி, அதில் அவர்களைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஃபிரேம் கட்டிய பிறகு மாற்றினால் மணிக்கு இவ்வளவு என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

---

சுங்குடி எழுதியது:

கல்யாண வீட்டில் கையெழுத்து கேட்டால் முகம் சுளிப்பார்கள் அக்கா. நான் அதற்குக் காசு கேட்டதே இல்லை. ஒரு தடவை மாற்றுவார்கள் என்று வைத்துக்கொண்டு முதலிலேயே ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்லிவிடுவேன். மாற்றாவிட்டால் அது எனக்கு.

---

ஊசிமுனை எழுதியது:

அப்படிச் செய்தால் மாற்றாதவரும் மாற்றுபவருக்காகக் காசு கொடுக்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை. நான் சீட்டில்தான் எழுதுகிறேன். மதுரையில் இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

---

காவிரிக்கரை எழுதியது:

அடுத்தது ஒரு வளைகாப்பு பிளவுஸ் வந்திருக்கிறது. நூலைக் காகிதத்தில் ஒட்டி நிறத்துக்குப் பக்கத்தில் நம்பர் போட்டிருக்கிறேன், கையெழுத்து கேட்கப் போகிறேன். மணிக்கு 75 வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். தட்டை வைத்து வளைவு வரைந்தாயிற்று, இன்றைக்கு ராத்திரி சாம்பிள்.